ஒலிப்புமுறை: காற்று எங்கே நிற்கிறது, எங்கே உரசுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப, ம இரண்டும் உதட்டில்தானே பிறக்கின்றன? பிறகு எப்படி வேறு வேறு ஒலிகள் ஆகின்றன?

உதடு சொல்வது ஒலிப்பிடத்தை மட்டும்தான். அந்த இடத்தில் காற்றை என்ன செய்கிறோம் என்பது தனிக் கணக்கு. அதைத்தான் ஒலிப்புமுறை என்கிறோம். ப சொல்லும்போது உதடு மூடுகிறது, மூக்குக்குப் போகும் வழியும் மூடுகிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்றுக்குப் போக்கிடமே இல்லை. ம சொல்லும்போது உதடு அதேபோல் மூடுகிறது, ஆனால் மூக்கு வழி திறந்திருக்கிறது. காற்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒலிப்புமுறை முழுவதையும் இரண்டு கேள்விகளில் அடக்கிவிடலாம். வாய்வழியில் இருக்கும் மிகக் குறுகலான இடத்தில் எவ்வளவு திறப்பு இருக்கிறது? மூக்குக் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? அடைப்பொலி, உரசொலி, அடைப்புரசொலி, மூக்கொலி, ய, ல போன்ற உயிர்ப்போலி என்று பாடப்புத்தகம் தரும் ஐந்து பெயர்களும் இந்த இரண்டு கேள்விகளுக்கு வரும் வெவ்வேறு விடைகள். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது என்பது என் கருத்து.

மூக்குக் கதவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மெல்லண்ணத்தை. மேல் அண்ணத்தை நாக்கு நுனியால் தடவிக்கொண்டே பின்னால் போங்கள். எலும்புள்ள கெட்டிப் பகுதி முடிந்து சதையாக மெத்தென்று தொடங்கும் இடம்தான் அது. உள்நாக்கு தொங்குவது இதன் முனையில். மெல்லண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரை ஒட்டிக்கொண்டால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும். தாழ்ந்தால் திறக்கும். மூச்சு விட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது அது தாழ்ந்தேதான் இருக்கும். பேசத் தொடங்கியதும் பெரும்பாலான நேரம் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறோம், மூக்கொலிக்காக மட்டும் இறக்குகிறோம்.

வாய்க்குள் அழுத்தம் சேர்கிறது என்கிறார்கள். எவ்வளவு அழுத்தம்?

மிகக் குறைவு. இயல்பான பேச்சில் குரல்வளைக்குக் கீழே உள்ள அழுத்தம், சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிட 5 முதல் 10 செ.மீ. நீர் அளவுதான் அதிகம். காற்று மண்டலத்தின் அழுத்தத்தை இதே அளவையில் சொன்னால் சுமார் 1,033 செ.மீ. நீர் வரும். அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவான கூடுதல் அழுத்தத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பேச்சையும் ஓட்டுகிறோம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழலின் முனை நீர்மட்டத்துக்குச் சரியாக 5 செ.மீ. கீழே இருக்கும்படி வைத்து மெதுவாக ஊதுங்கள். குமிழி வரத் தொடங்கினால் உங்கள் வாயில் 5 செ.மீ. நீர் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். அதை 5 விநாடி விடாமல் நடத்த முடிகிறதா என்று பார்ப்பது, பேச்சுக்குத் தேவையான மூச்சு அழுத்தம் இருக்கிறதா என்று அறியப் பேச்சு சிகிச்சையாளர்கள் கையாளும் எளிய சோதனை.

குரல்வளையில் உள்ள குரல்மடல்கள் அதிர்ந்தால் குரலுள்ள ஒலி, அதிராவிட்டால் குரல் இல்லாத ஒலி. குரல் இல்லாத ப-வுக்கு உதடு மூடியிருக்கும்போது வாய்க்குள் உள்ள அழுத்தம் குரல்வளைக்குக் கீழே உள்ள அழுத்தத்தோடு ஏறக்குறையச் சமமாகிவிடும். இரண்டு பக்கமும் சமமானதும் காற்றோட்டம் நின்றுபோகும். ம-வில் வாய் அழுத்தம் கிட்டத்தட்ட ஏறுவதே இல்லை, காற்று மூக்கு வழியே கசிந்துகொண்டே இருப்பதால்.

அடைப்பொலி, வெடிப்பொலி என்று இரண்டு பெயர் கேள்விப்படுகிறேன். இரண்டும் ஒன்றா?

பெரும்பாலும் ஒரே ஒலியைத்தான் குறிக்கிறார்கள். ஆனால் அடைப்புதான் முதன்மை, வெடிப்பு வந்தாலும் வரும், வராமலும் போகும். தாய் மொழியிலும் கொரிய மொழியிலும் சொல்லின் கடைசியில் வரும் ப், த், க் போன்ற ஒலிகள் மூடியபடியே முடிந்துவிடும். வெடிச் சத்தம் கேட்காது. கேட்பவர் முன்னால் வந்த உயிரொலி முடியும் விதத்தை வைத்தே எது அடைத்தது என்று கண்டுகொள்கிறார். "பக்தி" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். க் வெடிப்பதற்குள் நாக்கு நுனி த-வுக்குப் போய்விடுவதால் க்-இன் வெடிப்பு பெரும்பாலும் வெளியே கேட்பதில்லை.

"அம்பு" என்ற சொல்லில் ம் எங்கே முடிகிறது, ப எங்கே தொடங்குகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உதட்டைப் பார்த்து விடை சொல்ல முடியாது. கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லுங்கள். உதடு ஒரு முறை மூடும், ஒரு முறை திறக்கும். ம், ப இரண்டும் அந்த ஒரே மூடலுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

உள்ளே நடப்பது இது. அ ஒலிக்கும்போதே மெல்லண்ணம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் அந்த அ-வின் பின்பாதியில் கொஞ்சம் மூக்குச் சாயல் ஏறும். பிறகு உதடு மூடுகிறது, காற்று முழுவதும் மூக்கு வழியே போகிறது. இதுதான் ம். உதடு மூடியபடியே இருக்க, மெல்லண்ணம் மேலே ஏறி மூக்கை அடைக்கிறது. அந்த நொடியில் ம் முடிந்து ப தொடங்குகிறது. காற்றுக்கு வழி இல்லாததால் வாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. உதடு திறந்ததும் சேர்ந்த காற்று வெடித்து வெளியேறி உ கேட்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அப்பு" என்பதில் ப குரலின்றி ஒலிக்கிறது. "அம்பு" என்பதில் அதே எழுத்து குரலோடு, ஆங்கில பி போல ஒலிக்கிறது. ம் ஒலிக்கும்போது காற்று தடையின்றி ஓடுவதால் குரல்மடல்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மூக்குக் கதவு மூடிய பிறகும் உதடு திறக்கச் சிறிது நேரம்தான் மிச்சம். அதற்குள் அழுத்தம் போதுமான அளவு ஏறுவதில்லை, அதிர்வு நிற்பதில்லை. "அப்பு"-வில் அடைப்பு நீளமானது, மூக்குக் கசிவும் இல்லை. அதிர்வு அடங்கிவிடுகிறது. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் குரலோடு ஒலிக்கிறது என்று இலக்கண வகுப்பில் விதியாகக் கேட்டதற்குப் பின்னால் இருக்கும் காற்றுக் காரணம் இதுதான்.

மெல்லண்ணம் கொஞ்சம் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் மொழி வரலாறு காட்டுகிறது. லத்தீனில் "கமேரா" என்று இருந்தது, நடு உயிர் தேய்ந்து ம், ர இரண்டும் ஒட்டிக்கொண்டதும் பிரெஞ்சில் "ஷாம்ப்ர்" ஆயிற்று. யாரும் திட்டமிட்டு ஒரு பி-யைச் சேர்க்கவில்லை. உதடு திறப்பதற்கு ஒரு கணம் முன்பே மூக்கு அடைபட்டது, அந்தக் கணமே பி ஆகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் "துனோர்" என்று இருந்த இடிச் சொல் "தண்டர்" ஆனதும், ன-வுக்கும் ர-வுக்கும் நடுவே ட முளைத்ததும் இதே கதைதான்.

சளி பிடித்தால் பேச்சு ஏன் மாறுகிறது? மூக்கால் பேசுவது என்பது அதுதானா?

நேர் எதிர். சளியில் மூக்கு அடைபடுகிறது. மெல்லண்ணம் இறங்கினாலும் காற்று வெளியேற வழியில்லை. ம சொல்லப் போய் வாய்க்குள் அழுத்தம் சேர்ந்து, குரலுள்ள ப போல ஒன்று வருகிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு "அம்மா" சொன்னால் புரியும். அதே பிடியோடு "அப்பா" சொல்லுங்கள், எந்த மாற்றமும் இருக்காது. மூக்கொலி எது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

மூக்கால் பேசுவது என்பது மூடவேண்டிய கதவு சரியாக மூடாத நிலை. பிளவண்ணத்தோடு பிறந்தவர்களிடம் இதைக் காணலாம். திறப்பு சுமார் 20 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போனால் ப, த, க, ஸ போன்றவற்றுக்குத் தேவையான அழுத்தத்தை வாயில் சேர்ப்பது கடினமாகிவிடுகிறது. ப பலவீனமாகி ம-வை நோக்கிச் சாயும். ஸ-வோடு மூக்கில் ஒரு சீறல் கேட்கும். ம, ன போன்றவை அவ்வளவு பாதிக்கப்படாது, அவற்றுக்கு வாய் அழுத்தமே தேவையில்லையே! அதனால்தான் சோதிப்பவர்கள் அழுத்த ஒலிகள் நிறைந்த வாக்கியம் ஒன்றையும் அவை இல்லாத வாக்கியம் ஒன்றையும் சொல்லச் சொல்லி ஒப்பிடுகிறார்கள்.

உரசொலிக்கு எவ்வளவு குறுகலான வழி வேண்டும்?

தோராயமாக 5 முதல் 20 சதுர மில்லிமீட்டர். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு தெறிப்பது போல, குறுகலில் காற்றின் வேகம் கூடி, வெளியே வந்ததும் சுழன்று கலைகிறது. அந்தக் கலைவுதான் நமக்குச் "ஸ்ஸ்" என்று கேட்கிறது. முழுதும் மூடினால் ஓசை நின்றுவிடும், சற்று அதிகம் திறந்தால் காற்று அமைதியாகப் போய்விடும். உரசொலி இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வரம்பில் நிற்பதால்தான் அதற்கு நாக்கை மிகத் துல்லியமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடைப்பொலியில் நாக்கு போய் இடித்தால் போதும்.

ஸ-வில் குறுகல் மட்டும் வேலை செய்வதில்லை. நாக்கின் நடுவில் ஒரு வாய்க்கால் உண்டாகி, அதிலிருந்து பாயும் காற்று பற்களின் விளிம்பில் மோதுகிறது. கூர்மையான சீறல் பெரும்பாலும் அந்த மோதலில் பிறப்பது. முன்பல் விழுந்த குழந்தை ஸ சொல்லும்போது மழுங்கிக் கேட்பது இதனால்தான்.

வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? ஸ சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் நிறுத்தி, காற்றை உள்ளே இழுங்கள். நாக்கின் நடுவில் ஒரு கோடாகச் சில்லென்று படும். ல-வுக்கும் இதையே செய்யுங்கள். இம்முறை குளிர்ச்சி நாக்கின் ஓரங்களில் படும், ஏனென்றால் ல-வில் நடுவழி அடைபட்டு, காற்று பக்கங்களில் போகிறது.

ய சொல்லும்போதும் நாக்கு அண்ணத்தை நெருங்கத்தானே செய்கிறது? அங்கே ஏன் உரசல் இல்லை?

இரண்டு காரணங்கள். முதலாவது, உரசொலியைவிட வழி கொஞ்சம் அகலம். இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ய குரலோடு ஒலிக்கும் ஒலி. குரல்மடல்கள் அதிரும்போது ஒவ்வொரு அதிர்விலும் ஒருமுறை மூடிக்கொள்வதால், மேலே வரும் காற்றின் அளவே குறைந்துவிடுகிறது. குறைந்த காற்றுக்கு அந்த வழி தாராளமாகப் போதும்.

சோதித்துப் பாருங்கள். "ய்ய்ய்" என்று இழுங்கள், உரசல் இருக்காது. நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் நிறுத்தி, காதில் ரகசியம் சொல்வது போல ஊதுங்கள். உடனே ஒரு சீறல் கேட்கும். திறப்பு மாறவே இல்லை, ஓடும் காற்றின் அளவுதான் கூடியது. இனி ஸ-வைக் குரலோடும் குரலின்றியும் சொல்லிப் பாருங்கள், இரண்டிலும் சீறல் இருக்கும். குரலோடு அமைதி, குரலின்றிச் சீறல் என்றால் உயிர்ப்போலி. இரண்டிலும் சீறல் என்றால் உரசொலி. குரலின்றி ஊதியும் சீறல் வரவில்லை என்றால் அது அ போன்ற அகன்ற உயிரொலி.

"பச்சை"யில் வரும் ச்ச என்பது ட்-உம் ஷ-உம் சேர்ந்த இரண்டு ஒலிகளா, ஒரே ஒலியா?

காற்றை மட்டும் பார்த்தால் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் முழு அடைப்பு. பிறகு நாக்கு சட்டென்று விலகாமல் சற்று மெதுவாக விலகுகிறது. விலகும் வழியில் உரசொலிக்கு உரிய குறுகலில் ஒரு கணம் தங்கிச் செல்கிறது. சேர்ந்திருந்த அழுத்தம் அந்தக் குறுகல் வழியே சீறலாகத் தீர்கிறது. அடைப்பும் உரசலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பது அடைப்புரசொலிக்கு நிபந்தனை. "பக்ஷம்" என்பதில் க் பின்னண்ணத்தில் அடைக்கிறது, ஷ முன்னே உரசுகிறது. அது வெறும் கூட்டு.

ஆனால் ஒன்றா இரண்டா என்பதைக் காற்று மட்டும் தீர்மானிக்காது. போலிஷ் மொழியில் "ச்சி" போல ஒலிக்கும் ஒரு சொல்லும், அடைப்பையும் உரசலையும் தனித்தனியாக ஒலிக்கும் "த்ஷி" போன்ற இன்னொரு சொல்லும் வேறு வேறு பொருளில் இருக்கின்றன. எழுத்தில் czy, trzy. முதலாவது ஒரே ஒலி, இரண்டாவது இரண்டு ஒலி. இரண்டாவதில் உரசல் நீளமாக நிற்பது முக்கியமான வேறுபாடு. ஆங்கிலத்தில் "ஒய்ட் ஷூஸ்", "ஒய் ச்சூஸ்" என்ற இரண்டையும் வேகமாகச் சொன்னாலும் கேட்பவர் பெரும்பாலும் பிரித்தறிவதும் இந்த நேரக் கணக்கால்தான்.

க என்ற ஒரே எழுத்து சில இடத்தில் அடைப்பொலி போலவும் சில இடத்தில் உரசொலி போலவும் கேட்கிறதே?

கேட்பது சரிதான். "பக்கம்" சொல்லும்போது நாக்கின் பின்பகுதி அண்ணத்தில் போய் இறுக ஒட்டி நிற்கிறது. "பங்கு" என்பதிலும் முழு அடைப்புதான், குரலோடு. "பகல்" என்பதில் நாக்கு மேலே கிளம்புகிறது, போய்ச் சேர நேரம் போதவில்லை. பலர் வாயில் அது உரசலாகவோ, உரசல்கூட இல்லாத உயிர்ப்போலியாகவோ, வெறும் ஹ-வாகவோ முடிகிறது. "பசி"யின் ச, ஸ போல ஒலிப்பதும் இதே போக்கு. நிறுத்தி அழுத்திச் சொல்லச் சொன்னால் அடைப்பு திரும்பி வருவதும் உண்டு.

அதனால் ஒரு எழுத்தைக் காட்டி "இது அடைப்பொலியா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தச் சொல்லில், யார், எந்த வேகத்தில் என்று கேட்க வேண்டியிருக்கும்.

குரலுள்ள அடைப்பொலிகளில் க வகை சில மொழிகளில் இல்லையாமே? ஏன்?

உதட்டை மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டு, குரலுள்ள ப-வை எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பாருங்கள். கன்னம் உப்பும், ஒரு கணத்தில் குரல் நின்றுவிடும். குரல்மடல் அதிர அதன் வழியே காற்று ஓடவேண்டும். ஓடிய காற்று வாய்க்குள் சேர்ந்து மேலழுத்தம் கீழழுத்தத்தை எட்டிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். கன்னம் உப்புவதால் ப-வுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. க-வில் அடைப்பு குரல்வளைக்கு மிக அருகில். சிறிய அறை, உப்புவதற்குக் கன்னமும் இல்லை. அறை சீக்கிரம் நிரம்பிவிடும். தாய் மொழியில் குரலுள்ள ப, த வகைகள் இருந்தும் குரலுள்ள க இல்லை. எழுத்து அரபியிலும் டச்சு மொழியின் சொந்தச் சொற்களிலும் இதே இடைவெளிதான்.

ர, ற, ழ எல்லாம் எதில் சேரும்?

ழ உயிர்ப்போலி. நாக்கு மடிந்து மேலே போகும், எதையும் அடைக்காது. ல, ள பக்கவழி உயிர்ப்போலிகள். ர பெரும்பாலும் ஒரே ஒரு தட்டு. நாக்கு நுனி அண்ணத்தைத் தொட்டவுடன் விலகிவிடுவதால் அழுத்தம் சேர நேரமே இல்லை, அடைப்பொலியாக அதை எண்ணாதது அதனால்தான். ஆடொலியான ற-வில் நாக்கு நுனியைத் தளர்வாக வைத்தால் காற்றே அதைத் தள்ளியும் இழுத்தும் ஆட்டுகிறது. தசையால் அவ்வளவு வேகமாக ஆட்ட முடியாது.

வல்லினம், மெல்லினம், இடையினம் என்பதும் இதே பாகுபாடுதானா?

பெருமளவு. வல்லினம் அடைப்பு, மெல்லினம் மூக்கு, இடையினம் உயிர்ப்போலியும் ர-வும். நன்னூல் மெல்லினத்துக்கு மூக்கையும் வல்லினத்துக்கு மார்பையும் இடமாகச் சொல்கிறது. உரசொலிக்கென்று தனி இனம் இல்லை, தமிழ்ச் சொற்களில் அது பெரும்பாலும் வல்லினத்தின் தளர்ந்த வடிவமாகவே வருகிறது.

பதிவு செய்த பேச்சை கணினியில் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிய முடியுமா?

முடியும். பிராட் என்ற இலவச மென்பொருளில் "அம்பு", "அப்பு", "பச்சை", "பசி", "பயம்" என்று ஐந்து சொற்களைப் பதிவு செய்து, எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் நிறமாலைப் படத்தைத் திறந்து பாருங்கள். "அப்பு"-வில் நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி, அதன் முடிவில் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு: அடைப்பும் வெடிப்பும். "பச்சை"யிலும் வெள்ளை இடைவெளி உண்டு, ஆனால் கோட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சிதறல் தொடரும். "பசி"யில் இடைவெளி இல்லை, சிதறல் மட்டும், அதுவும் படத்தின் மேல்பகுதியில் அடர்ந்து. "பயம்" என்பதில் ய-வின் இடத்தில் உயிரொலியின் கிடைக்கோடுகள் வளைந்து போய்த் திரும்பும், எங்கும் அறுபடாது.

"அம்பு"-வில் ம் சற்று மங்கலாக, அடியில் தடித்த ஒரு பட்டையோடு இருக்கும். அதன் பிறகு மேல்பகுதி வெளுத்து, அடியில் குரலின் மெல்லிய பட்டை மட்டும் எஞ்சும் ஒரு சிறு துண்டு வரும். அதுதான் ப. சில பதிவுகளில் அந்தத் துண்டு கண்ணுக்கே தெரியாத அளவு குறுகியிருக்கும். அப்போது பெரிதாக்கி, வெடிப்புக் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். கோடு இருந்தால் மூக்குக் கதவு உதட்டுக்கு முன் மூடியிருக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் வெடிப்புக் காற்று மோதிப் படத்தின் அடிப்பகுதியைக் கறுப்பாக்கிவிடும், ஆகவே வாயின் ஓரத்தில், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.